விடைத்தாளில் 10.03, விடைக்குறிப்பில் 10.27: மறுபார்வை கேட்டு விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதுவது பற்றிய கேள்விகள்

உணவுத் தொழில்நுட்பப் படிப்பில் மதிப்பெண் தகராறு அதிகம் வருவது வெப்பப் பதப்படுத்தல் கணக்குகளில்தான். ஒரே கணக்குக்கு மூன்று விடைகள் வரும். மூன்றுக்கும் ஏதாவதொரு புத்தகம் துணைநிற்கும். அதனால் இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே கணக்கை எடுத்துக்கொள்வோம். உள்மதிப்பீட்டுத் தேர்வில் வந்த எட்டு மதிப்பெண் கேள்வி இது:

"குறைந்த அமிலமுள்ள உணவு ஒன்று டப்பாவில் அடைக்கப்படுகிறது. அதிலுள்ள குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் ஸ்போர்களுக்கு 121 டிகிரி செல்சியஸில் D = 0.21 நிமிடம்; z = 10 டிகிரி. (அ) 12D அளவுக்கு அழிக்க 121 டிகிரியில் எவ்வளவு நேரம் வேண்டும்? (2) (ஆ) அதே அழிவை 115 டிகிரியில் பெற எவ்வளவு நேரம் வேண்டும்? (4) (இ) தொடக்கத்தில் டப்பாவுக்கு 100 ஸ்போர்கள் இருந்தால், எத்தனை டப்பாக்களுக்கு ஒன்றில் ஸ்போர் மிஞ்ச வாய்ப்புண்டு? (2)"

மாணவர் (அ)வுக்கு 2.52 நிமிடம் என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டார். (ஆ)வுக்கு 10.03 நிமிடம் என்று எழுதினார். கடைசி வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் "10.27", ஓரத்தில் வட்டமிட்ட பூஜ்யம். (இ)யிலும் பூஜ்யம்.

நான் போட்டது 10.03. மேம் 10.27 என்று எழுதியிருக்கிறார். யார் சரி?

வினாத்தாளில் அச்சான தரவை வைத்துப் பார்த்தால் 10.03 சரி. இதைக் கடிதத்தில் நிறுவ வேண்டுமென்றால் 10.27 எங்கிருந்து வந்தது என்று முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறிப்பிட்ட வெப்பநிலையில் ஸ்போர்களில் பத்தில் ஒன்பது பங்கு அழிய எடுக்கும் நேரம்தான் D. வெப்பநிலை எத்தனை டிகிரி மாறினால் D பத்து மடங்கு மாறும் என்பது z. 121 டிகிரியில் 12D என்றால் 12 × 0.21 = 2.52 நிமிடம். 115 டிகிரி அதைவிட 6 டிகிரி குறைவு. எனவே:

```
t = 2.52 × 10^((121 − 115)/10)
  = 2.52 × 10^0.6
  = 2.52 × 3.981
  = 10.03 நிமிடம்
```

விடைக்குறிப்பில் 121 இருக்க வேண்டிய இடத்தில் 121.1 இருந்திருக்கிறது. அப்போது அடுக்கு 0.61 ஆகும், விடை 10.27 வரும். அந்த 0.1 டிகிரி ஏன் வந்தது என்றால், டப்பாத் தொழிலில் மேற்கோள் வெப்பநிலை முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட் என்றே வகுக்கப்பட்டது. செல்சியஸுக்கு மாற்றினால் அது 121.11. சில புத்தகங்கள் அதை 121.1 என்று எழுதும், சில 121 என்று சுருக்கிக்கொள்ளும். பாடம் எடுக்கும்போது இரண்டும் கலந்துதான் வரும்.

இங்கே நடந்தது அந்தக் கலப்புதான். D மதிப்பை 121 டிகிரிக்கு என்று வினாத்தாள் தந்தது. விடைக்குறிப்பு அதே 0.21-ஐ 121.1-க்கு உரியதாக எடுத்துக்கொண்டது. உண்மையில் 121 டிகிரியில் D 0.21 என்றால் 121.1 டிகிரியில் அது 0.205 ஆகக் குறைந்திருக்கும். 12D-க்கு 2.46 நிமிடம். அந்த 2.46-ஐ 121.1-லிருந்து 115-க்கு மாற்றிப் பாருங்கள்: 2.46 × 10^0.61, திரும்பவும் 10.03தான் (இடையில் தசமத்தைச் சுருக்காமல் போடுங்கள்). எந்த வெப்பநிலையை மேற்கோளாகப் பிடித்தாலும் D-யும் அதே வெப்பநிலைக்கு உரியதாக இருந்தால் விடை மாறாது. கடிதத்தின் முதுகெலும்பு இந்த ஒரு வாக்கியம்.

பக்கத்தில் எழுதியிருப்பது 12.2-ஐ ஒட்டிய எண்ணாக இருந்தால் காரணம் வேறு. தொழிலில் 2.52-ஐ மேல்நோக்கி 3 நிமிடமாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. விடைக்குறிப்பு 121.1 டிகிரியில் அந்த 3-லிருந்து தொடங்கியிருக்கும். (அ)வில் 2.52-க்கு முழு மதிப்பெண் தந்துவிட்டு (ஆ)வில் 3-ஐ எதிர்பார்த்தால் அது தனியாகச் சுட்ட வேண்டிய முரண். ஆகவே மறுக்கப்பட்ட எண்ணிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த பிறகே பேனாவை எடுங்கள்.

வித்தியாசம் 14 செகண்டுதான். இதுக்குப் போய் நாலு மார்க்கையும் எடுக்கலாமான்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தப் பாடத்தில் அது உங்களையே திருப்பி அடிக்கும் வாதம்.

0.21 என்பது 121.1 டிகிரிக்கு உரிய மதிப்பு என்று ஒரு கணம் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 115 டிகிரியில் 10.03 நிமிடம் சூடாக்கினால் கிடைக்கும் அழிவு 10.03 × 0.2455, அதாவது 2.46 நிமிடத்துக்குச் சமம். அதை 0.21-ஆல் வகுத்தால் 11.7. பன்னிரண்டு D எட்டவில்லை. ரெட்டார்ட் இயக்குபவர் 14 செகண்டு முன்னதாக நீராவியை நிறுத்தினால் அது குறைச் சூடாக்கல். அந்தத் தொகுதியைத் தனியே நிறுத்திவைத்துப் பரிசீலிக்க வேண்டும். இதைக் கற்றுத்தரும் ஆசிரியரிடம் "சின்ன வித்தியாசம்தானே" என்று எழுதினால், பாடத்தின் மையமே பிடிபடவில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டது போலாகிவிடும்.

உங்கள் நியாயம் வித்தியாசத்தின் அளவில் இல்லை. வினாத்தாள் 121 என்று சொன்னது, நீங்கள் 121-ஐ எடுத்துக்கொண்டீர்கள். அதோடு நிறுத்துங்கள்.

வினாத்தாளில் 121.1 என்றே இருந்து, நான்தான் பழக்கத்தில் 121 போட்டுவிட்டேன் என்றால்?

அது உங்கள் தவறு. முழு மதிப்பெண் கேட்க வழியில்லை. ஆனால் சூத்திரம் சரியாக இருந்து, பிரதியிட்ட எண் மட்டும் பிசகியிருந்தால் நான்கையும் இழக்க வேண்டிய அவசியமும் இல்லை. நான்கு மதிப்பெண் கணக்கைப் பொதுவாகச் சூத்திரம், பிரதியிடல், கணக்கீடு, அலகோடு விடை என்று பிரித்துத்தான் திருத்துவார்கள். "படிகளுக்கு உரிய மதிப்பெண் உண்டா என்று பார்க்கவும்" என்று ஒரே வரியில் கேட்கலாம். விடை சரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

(அ)வில் 12 × 0.21 = 2.25 என்று அவசரத்தில் எழுதிவிட்டேன். (ஆ)வில் அந்த 2.25-ஐ வைத்துச் சரியாகத்தான் போட்டேன். அதற்கும் பூஜ்யம்.

கேட்கலாம், நியாயமான கோரிக்கை. 2.25 × 3.981 = 8.96 நிமிடம். உங்கள் தாளில் 8.96 இருந்தால் (ஆ)வில் முறையும் கணக்கீடும் சரி. முந்தைய பிரிவின் பிழைதான் இங்கே தொடர்ந்து வந்திருக்கிறது. ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் தண்டனை வேண்டாம் என்பது பல ஆசிரியர்கள் ஏற்கும் கொள்கை. ஆனால் எல்லா விடைக்குறிப்பிலும் அது எழுதப்பட்டிருக்காது. ஆகவே "தர வேண்டும்" என்று அழுத்தாமல் "தொடர்பிழையாகக் கருத இயலுமா" என்று கேளுங்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. குறியை மாற்றிப் போட்டு, 2.52-ஐ 3.981-ஆல் பெருக்குவதற்குப் பதில் வகுத்து, 0.63 நிமிடம் என்று எழுதியிருந்தால் கடிதம் எழுதாதீர்கள். வெப்பநிலையைக் குறைத்த பிறகு நேரமும் குறைகிறது என்று அந்த விடை சொல்கிறது. கால்குலேட்டர் பிழை என்று அதை யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்க வேண்டிய கருத்துப்பிழை அது.

(இ)க்கும் பூஜ்யம்தான். ஒரே கடிதத்தில் அதையும் சேர்த்துக் கேட்டுவிடலாமா?

முதலில் (இ)யை நீங்களே திருத்திப் பாருங்கள். தொடக்கத்தில் 100 ஸ்போர், அதாவது 10². பன்னிரண்டு D கழிந்தால் டப்பாவுக்கு 10² ÷ 10¹² = 10⁻¹⁰ மிஞ்சும். ஆக 10¹⁰ டப்பாக்களுக்கு ஒன்றில், ஆயிரம் கோடி டப்பாவுக்கு ஒன்றில், ஒரு ஸ்போர் பிழைத்திருக்க வாய்ப்புண்டு. பலரும் எழுதும் விடை 10¹² டப்பாவுக்கு ஒன்று. தொடக்க எண்ணிக்கை டப்பாவுக்கு ஒன்றாக இருந்தால்தான் அது சரி. நம் மாணவரும் அதைத்தான் எழுதியிருந்தார். பூஜ்யம் நியாயமே.

அதைச் சேர்த்துக் கேட்டால் சரியான கோரிக்கையும் வலுவிழக்கும். மாறாக, "(இ)யில் தொடக்க எண்ணிக்கையைச் சேர்க்காமல் விட்டது என் பிழை, அதில் மறுபார்வை கோரவில்லை" என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். விடைத்தாளை முழுதாகச் சரிபார்த்த பிறகே எழுதுகிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரியும். கடிதத்துக்கு அதிக மதிப்புச் சேர்ப்பது இந்த வரிதான் என்று சொல்லலாம்.

பேப்பரை கையில் தந்ததும் முதலில் எதைப் பார்க்கணும்?

கூட்டல். ஒவ்வொரு கேள்விக்கும் உள்ளே போட்ட மதிப்பெண் முகப்புக் கட்டத்தில் ஏறியிருக்கிறதா, மொத்தம் சரியா, கூடுதல் தாளில் எழுதிய விடை திருத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கம் திருப்பும்போது விட்டுப்போன விடைக்குக் கடிதமே தேவைப்படாது. அங்கேயே காட்டினால் போதும்.

அடுத்து, பிரச்சினைக்குரிய விடையை வினாத்தாளோடு ஒப்பிடுங்கள், உங்கள் நினைவோடு அல்ல. "121 என்றுதான் இருந்ததாக ஞாபகம்" என்று எழுதிய கடிதம் நிற்காது. வினாத்தாளை எடுத்து, அந்த வரியை அப்படியே பார்த்து எழுதுங்கள். அனுமதி கேட்டு விடைத்தாளின் அந்தப் பக்கத்தை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளலாம். விடைத்தாளில் மட்டும் எதையும் எழுதாதீர்கள். பென்சிலால் ஒரு புள்ளிகூட வேண்டாம். திருத்திய தாளில் புது எழுத்து இருந்தால் அதன் பிறகு பேச்சு மதிப்பெண் பற்றி இருக்காது, முறைகேடு பற்றித்தான் இருக்கும்.

தாளைத் திருப்பித் தரும்போது "மேம், ஏழாவது கேள்வி ஆ பிரிவில் ஒரு சந்தேகம், எழுதித் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு வாருங்கள். அன்றோ மறுநாளோ கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பதிவேற்றிய பிறகு மாற்றுவதற்குத் துறைத்தலைவர் வரை ஒப்புதல் தேவைப்படலாம். அதற்கு முன்பென்றால் ஆசிரியரே முடித்துவிடுவார்.

கடிதத்தை எப்படி எழுதுவது? ஒரு மாதிரி வேண்டும்.

ஒரே பக்கம். பொருள் வரியிலேயே தேர்வு, பாடம், கேள்வி எண், பிரிவு நான்கும் வந்துவிட வேண்டும். கைவசம் அறுபது தாள் வைத்திருப்பவர் உங்கள் தாளை எடுத்து நேராக அந்தப் பக்கத்துக்குப் போக முடிய வேண்டும். அடுத்து வினாத்தாள் சொன்னது, நீங்கள் எழுதியது, திருத்தத்தில் இருப்பது, இரண்டுக்கும் வேறுபாடு வரும் இடம், கடைசியில் கோரிக்கை.

> அனுப்புநர்: (பெயர்), (பதிவு எண்), மூன்றாம் ஆண்டு, உணவுத் தொழில்நுட்பத் துறை
>
> பெறுநர்: (பெயர்), உதவிப் பேராசிரியர், உணவுத் தொழில்நுட்பத் துறை
>
> நாள்:
>
> பொருள்: இரண்டாம் உள்மதிப்பீட்டுத் தேர்வு – உணவுப் பதப்படுத்தல் பொறியியல் – கேள்வி 7(ஆ) மதிப்பீட்டை மறுபார்வையிட வேண்டுதல்
>
> மதிப்பிற்குரிய அம்மா,
>
> கேள்வி 7(ஆ)வுக்கு நான் எழுதிய விடை 10.03 நிமிடம். அதற்கு 0/4 தரப்பட்டு, சரியான விடை 10.27 என்று குறிக்கப்பட்டுள்ளது. விடை என் விடைத்தாளின் 9-ஆம் பக்கத்தில் உள்ளது.
>
> வினாத்தாளில் D = 0.21 நிமிடம் என்பது 121 டிகிரிக்கு உரியதாகத் தரப்பட்டிருந்தது. எனவே மேற்கோள் வெப்பநிலையை 121 என்று கொண்டு 2.52 × 10^0.6 = 10.03 என்று கணக்கிட்டேன். மேற்கோள் வெப்பநிலையை 121.1 என்று கொண்டால் அடுக்கு 0.61 ஆகி 10.27 வருகிறது. ஆனால் அப்போது D மதிப்பையும் 121.1-க்கு மாற்ற வேண்டும்; மாற்றினால் D = 0.2052, 12D = 2.463 நிமிடம், 115 டிகிரியில் மீண்டும் 10.03 நிமிடமே வருகிறது.
>
> 115 டிகிரிக்கு உரிய D-யை நேராகக் கண்டும் சரிபார்த்தேன்: 0.21 × 3.981 = 0.836, 12 × 0.836 = 10.03.
>
> 7(இ)யில் தொடக்க எண்ணிக்கையைச் சேர்க்காமல் விட்டது என் பிழை. அதில் மறுபார்வை கோரவில்லை.
>
> 7(ஆ)வின் மதிப்பீட்டை மறுபார்வையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் புரிதலில் பிழை இருந்தால், எந்தப் படியில் என்று சுட்டிக்காட்டினால் திருத்திக்கொள்வேன். வினாத்தாளின் நகலை இணைத்துள்ளேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

இதில் மூன்றாவது பத்தியை எடுத்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். தேர்வில் எழுதிய வழியில் அல்லாமல் இன்னொரு வழியிலும் அதே எண்ணை எட்டிக் காட்டுவது அந்தப் பத்திதான். படிப்பவர் கால்குலேட்டரில் இரண்டு பொத்தான் அழுத்தி அதைச் சரிபார்த்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை: (அ) கேள்வியில் "121 டிகிரியில் நேரம்" என்று இல்லாமல் "F₀ மதிப்பு" என்று கேட்டிருந்தால், F₀ 121.1 டிகிரிக்கே வகுக்கப்பட்டது. மேலே உள்ள வாதத்தின்படி கறாரான விடை 2.46 ஆகும், உங்கள் தாளில் இருப்பதோ 2.52. ஆசிரியர் அதைத் திருப்பிக் கேட்கக்கூடும். அதற்கும் தயாராக இருந்துகொண்டு எழுதுங்கள்.

எந்த மாதிரி வரிகளை எழுதக் கூடாது?

"இரவு பகலாகப் படித்தேன்", "இந்த நாலு மார்க் இருந்தால்தான் பாஸ்", "வீட்டில் கஷ்டம்". அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 10.03 சரியா தப்பா என்பதை அவை மாற்றாது. இரக்கத்தால் மதிப்பெண் கேட்பதாகக் கடிதம் தோன்றிவிட்டால், ஏற்க விரும்பும் ஆசிரியருக்கும் கையெழுத்துப் போடத் தயக்கம் வரும். நாளை யாராவது கேட்டால் அவர் காட்ட வேண்டியது கணக்கைத்தான்.

"விடைக்குறிப்பு தவறு" என்றும் எழுத வேண்டாம். "மேற்கோள் வெப்பநிலையை 121.1 என்று கொண்டால் 10.27 வருகிறது" என்று எழுதினாலே அவருக்கு விளங்கிவிடும். இணையத்தில் கிடைத்த விடையை ஆதாரமாக ஒட்டாதீர்கள். வகுப்பில் கணக்குப் போட்டபோது 121 என்று எடுத்திருந்தால், நாள் தெரிந்தால் அதைச் சொல்லுங்கள்; பாடத்திட்டத்தில் குறிப்பிட்ட புத்தகமாக இருந்தால் பக்க எண்ணைச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

தமிழிலேயே கொடுக்கலாமா?

வினாத்தாள் ஆங்கிலத்தில் இருந்தால் துறைக் கோப்புக்கு ஆங்கிலக் கடிதம் கேட்பது வழக்கம். அப்போதும் வரிசை இதேதான். தமிழில் ஒரு வரைவு எழுதிவிட்டு, பிறகு மாற்றுவது பலருக்கு எளிது. தமிழில் எழுதும்போது எந்த இடத்தில் வாதம் நொண்டுகிறது என்று நமக்கே சட்டென்று தெரியும்.

திரும்பத் திருத்தச் சொன்னால் இருக்கிற மார்க்கும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

குறையலாம், அதனால்தான் மற்ற விடைகளையும் முன்கூட்டியே பார்த்துவிடச் சொல்கிறோம். மறுபார்வைக்காகத் தாளை எடுக்கும் ஆசிரியர் கேள்வி 7-ஐ மட்டும் பார்க்கக் கடமைப்பட்டவர் அல்லர். தவறான விடைக்குத் தவறுதலாக விழுந்த மதிப்பெண் வேறெங்காவது இருந்தால் அதுவும் கண்ணில் படும். கோரிக்கையைப் பிரிவு எண்ணோடு குறுக்கி எழுதினால் பார்வை அந்தப் பக்கத்தோடு நிற்க வாய்ப்பு அதிகம். "என் தாள் முழுவதையும் மறுபடி திருத்தவும்" என்று எழுதுவதுதான் ஆபத்து.

பக்கத்து பெஞ்ச் பையனுக்கு அதே 10.03-க்கு நாலு மார்க் போட்டிருக்கிறார். அதைச் சொல்லலாமா?

பெயரைச் சொல்லாதீர்கள். சொன்னால் உங்கள் மதிப்பெண் ஏறுவதற்குப் பதில் அவருடையது இறங்கக்கூடும். அதோடு, உங்கள் விடை சரி என்பதற்கு அது ஆதாரமும் அல்ல. 121-ஐ எடுத்து எழுதியவர்கள் வகுப்பில் பலர் இருப்பார்கள் என்பது உண்மை. ஆகவே நேரில் பேசும்போது, "இதே முறையில் எழுதிய மற்றவர்களுக்கும் இது பொருந்தும், மேம்" என்று மட்டும் சொல்லலாம். உங்களுக்கு மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டுமே என்பதுதான் ஆசிரியரின் உண்மையான தயக்கமாக இருக்கும். 10.03, 10.27 இரண்டையும் ஏற்பது என்று விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் அது தீர்ந்துவிடும். அப்போது 10.27 எழுதியவர்கள் யாருக்கும் இழப்பில்லை.

மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டால்?

காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். "வகுப்பில் 121.1 எடுக்கச் சொல்லியிருந்தேன்" என்பது பதிலாக இருந்தால், நோட்டைத் திறந்து பாருங்கள், அப்படியே இருந்தால் ஏற்றுக்கொள்வதுதான் முறை, படிகளுக்கான மதிப்பெண்ணை மட்டும் கேட்கலாம். நோட்டில் அப்படி இல்லை, கணக்குக்குப் பதிலும் வரவில்லை என்றால், அதே கடிதத்தின் நகலோடு துறைத்தலைவரைப் பாருங்கள். ஆசிரியரைப் பார்த்த நாளையும் அவர் சொன்ன காரணத்தையும் ஒரு வரியில் சேருங்கள். ஆசிரியருக்குத் தெரியாமல் நேரே மேலே போகாதீர்கள், துறைத்தலைவர் முதலில் கேட்பதே "மேமைப் பார்த்தாயா?" என்பதுதான்.

இது இன்டர்னல் இல்லை, செமஸ்டர் தேர்வு. அப்போதும் இதே கடிதமா?

இல்லை. செமஸ்டர் விடைத்தாளின் பதிவு எண்ணை மறைத்து வேறு எண் இட்டு, பெரும்பாலும் வேறொருவர் திருத்தியிருப்பார். உங்கள் ஆசிரியரால் அதைத் தொட முடியாது. அவரிடம் கடிதம் கொடுத்துக் காத்திருந்தால் விண்ணப்பக் கெடு போய்விடும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அறிவிப்பில் உள்ள நாளுக்குள் கட்டணம் கட்டி முதலில் விடைத்தாள் நகல், பிறகு மறுமதிப்பீடு என்று போக வேண்டும். மறுகூட்டலும் மறுமதிப்பீடும் வேறு வேறு. மறுகூட்டலில் எண்களை மட்டுமே கூட்டிப் பார்ப்பார்கள். 7(ஆ)வில் போட்ட பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். நம் கணக்குக்கு மறுமதிப்பீடுதான் தேவை.

நகல் வந்ததும் மேலே சொன்ன கணக்கை அப்படியே தயாராக வைத்துக்கொண்டு, பாடம் எடுத்த ஆசிரியரிடம் காட்டுங்கள். இந்த இடத்தில் அவர் உங்கள் பக்கம். சில இடங்களில் மறுமதிப்பீட்டு விண்ணப்பத்துக்கே பாட ஆசிரியரின் பரிந்துரை தேவை. "வினாத்தாள் 121 என்று தந்திருக்க 121.1-க்குத் திருத்தப்பட்டுள்ளது" என்று அவர் ஒரு வரி எழுதித் தந்தால் அதன் எடையே வேறு.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விடைத்தாளைக் கேட்கலாமே என்று சிலர் சொல்வார்கள். சி.பி.எஸ்.இ. தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 ஆகஸ்டில், தேர்வெழுதியவருக்குத் திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்க உரிமை உண்டு என்று சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு தாளைப் பார்க்கும் உரிமையைத்தான் தந்தது, மறுபடி திருத்தச் சொல்லும் உரிமையை அல்ல. தவிர, தகவல் அலுவலர் பதில் தரச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். மறுமதிப்பீட்டுக் கெடு பெரும்பாலும் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். ஆகவே முடிவு வெளியான அன்றே நகல் விண்ணப்பத்தின் கடைசித் தேதியைப் பார்த்து வையுங்கள்.